நாப்பது லட்சத்துல தேன் வாங்குற பைசா எங்கடே?

போன வருஷம் ஒரு தம்பி மார்த்தாண்டத்துல என்னைப் பாக்க வந்தான், நம்ம ஊர் ரப்பர் தேனை பதப்படுத்தி பாட்டில்ல அடைச்சு விக்கிற பிரைவேட் லிமிடெட் கம்பெனி, அதுக்கு 40 லட்சம் ரூபா ஷேரா திரட்டப்போறான். போடுறவங்க நாலு பேர். மஸ்கட்ல இருக்குற சித்தப்பா மகன், ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார், கூடப் படிச்ச ரெண்டு பேர். கையில ஒரு பிரசன்டேஷன், அதுல கடைசிக்கு முந்தின பக்கத்துல வட்டமா கேக் வெட்டின மாதிரி ஒரு படம்: மெஷினரி 30%, மார்க்கெட்டிங் 30%, ஒர்க்கிங் கேப்பிட்டல் 25%, மத்தது 15%. கலர் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "நாப்பது லட்சத்துல தேன் வாங்குற பைசா எங்கடே?" அவன் ஒர்க்கிங் கேப்பிட்டலைக் காட்டினான், "பத்து லட்சம் இருக்குல்லா அண்ணே." சரி, எத்தன கிலோ வாங்கப்போற, கிலோ என்ன விலைன்னு கேட்டா 12,000 கிலோ, 160 ரூபாங்கான். பெருக்கிப் பாத்தா 19,20,000. பத்து லட்சத்துக்குள்ள பத்தொம்பது லட்சம் எப்படி அடங்கும்? சிரிச்சுட்டான், எனக்கும் சிரிப்பு வந்துச்சு, ஆனா அந்த வட்டப் படத்தோட பிரச்சினையே இதுதான், சதவீதத்தை யாரும் பெருக்கிப் பாக்க மாட்டாங்க, அதனால எழுதினவனும் பெருக்கிப் பாக்கல.

அந்தப் படத்தை நாங்க ரெண்டு நாள் உக்காந்து டேபிளா திருப்பி எழுதினோம். திரட்டுற பைசா எதுக்கெல்லாம் போகும்னு காட்டுற, யூஸ் ஆஃப் ஃபண்ட்ஸ்னு இன்வெஸ்டர் கேக்குற அந்த டேபிள் எப்படி எழுதணும்கிறதை அந்த ஒரே கேஸை வச்சே சொல்லுறேன். தொகையெல்லாம் அவனோடது, கொட்டேஷன்ல இருந்தது, உங்களுக்கு வேற வரும்.

முதல்ல தொழிலோட ஓட்டத்தைப் புரிஞ்சுக்கணும், இல்லன்னா டேபிள் நிக்காது. ரப்பர் மரம் வருஷக் கடைசியில இலையை உதிர்த்துட்டு ஜனவரி வாக்குல புது இலை விடும், அந்த இளம் இலைக்காம்பு நுனியில இருக்குற சுரப்பியில இருந்துதான் தேனீ இனிப்பை எடுக்குது, பூவுல இருந்து இல்ல (இதைச் சொன்னா ரப்பர் தோட்டத்துக்குள்ளயே பிறந்து வளந்தவங்ககூட நம்ப மாட்டாங்க). அதனால அருமனை, குலசேகரம், திருவட்டார் பக்கம் எல்லாம் தேன் எடுப்பு பிப்ரவரி தொடங்கி மார்ச், ஏப்ரல்னு ரெண்டு மூணு மாசத்துலயே மொத்தமா வந்து முடிஞ்சிரும். பெட்டி வச்சிருக்குறவங்க கேன்ல கொண்டு வந்தா அங்கனயே பைசா குடுக்கணும், கடன் சொன்னா அடுத்த வியாபாரிகிட்ட போயிருவாங்க. ஆனா விக்கிறது வருஷம் பூரா விக்கணும், கடைக்காரங்க ரெண்டு மாசம் கழிச்சுத்தான் பைசா தருவாங்க. வாங்குறது ரெடி கேஷ், விக்கிறது கடன், வாங்குறது மூணு மாசம், விக்கிறது பன்னெண்டு மாசம். இந்த நாலும் அந்த வட்டப் படத்துல எங்கயும் இல்ல.

அதனால சதவீதத்தைத் தூக்கிப் போட்டுட்டு மாசம் வச்சு எழுத ஆரம்பிச்சோம். அக்டோபர்ல பைசா கைக்கு வருதுன்னு வைங்க. மார்ச்ல 1,500 பாட்டில், ஏப்ரல்ல 2,000, பிறகும் மாசம் 2,000 பக்கம் விக்கும்னு அவன் கணக்கு, அரை கிலோ பாட்டில் ஒண்ணு கடைக்கு 190 ரூபா, ஜிஎஸ்டி தனி. மார்ச்ல வித்தது மே மாசம்தான் கைக்கு வரும், அது 2,85,000. அப்போ அக்டோபர் முதல் ஏப்ரல் கடைசி வரைக்கும் வெளிய இருந்து ஒரு ரூபா உள்ள வராது. இன்வெஸ்டர் பைசா எந்த நாள் வரைக்கும் தாங்கணும்கிறதுக்கு பதில் இங்கதான் இருக்கு: மே முடியுற வரைக்கும், அதாவது எட்டு மாசம். "18 மாசத்துக்கு ரன்வே"ன்னு எல்லாரும் எழுதுறாங்களேன்னு இவனும் எழுதி வச்சிருந்தான், ஏன் 18னு கேட்டா பதில் இல்ல. வர்ற முதல் வசூல் எந்த மாசம்னு தெரிஞ்சாத்தான் அந்த நம்பர் வரும்.

பிறகு ஒவ்வொரு வரியா எழுதினோம். எழுதும்போது நான் வச்சிருந்த ஒரே கண்டிஷன், எந்த வரியா இருந்தாலும் ஒண்ணு எண்ணிக்கை பெருக்கல் விலைன்னு இருக்கணும், இல்லன்னா கையில ஒரு கொட்டேஷன் இருக்கணும். "மெஷினரி சுமார் 12 லட்சம்"னு எழுதக்கூடாது. இந்தக் கண்டிஷன் வச்ச உடனே "மத்தது 15%"ங்கிற ஆறு லட்சம் தானா கரைஞ்சு போச்சு, ஏன்னா அதை எதால பெருக்குறதுன்னே அவனுக்குத் தெரியல.

மெஷின்ல இருந்து தொடங்குவோம். தேனை லேசா சூடாக்கி வடிகட்டி வேக்குவம்ல ஈரப்பதத்தைக் குறைக்கிற செட்டு, கொட்டேஷன் 9,00,000. அவன் அந்த ஒன்பதை மட்டும்தான் எழுதியிருந்தான். 18% ஜிஎஸ்டி 1,62,000 எங்கன்னு கேட்டேன், "அது இன்புட் கிரெடிட்ல திரும்பி வந்துரும்லா"ன்னான். வரும், ஆனா எப்போ வரும்கிறதுதான் விஷயம். நம்ம பாட்டில் தேனுக்கு வரி 5%தான். மாசம் 2,000 பாட்டில் வித்தா 3,80,000, அதுக்கு வரி 19,000. மெஷின்ல கட்டின 1,62,000 அந்த 19,000த்துல கழிஞ்சு கழிஞ்சுதான் தீரும், அதுவே எட்டரை மாசம், இதுல பாட்டிலுக்குக் கட்டுற 18% வரியும் அதே 19,000த்துல பங்குக்கு வந்து நிக்கும், அதனால ஒரு வருஷத்துக்கு மேல போயிரும். விக்கிற வரி கம்மி, வாங்குற வரி ஜாஸ்திங்கிறதால ரீஃபண்ட் கேக்கலாமேன்னு சிலர் சொல்லுவாங்க, அந்த ரீஃபண்ட் மூலப்பொருள், பாட்டில் மாதிரி இன்புட்டுக்கு உண்டு, மெஷின் மாதிரி கேப்பிட்டல் குட்ஸுக்கு கிடையாது. அப்போ மெஷினுக்குன்னு வங்கிக் கணக்குல இருந்து போறது 10,62,000. டேபிள்ல அதுதான் வரணும், ஜிஎஸ்டியைத் தனி வரியா போட்டு "பையப் பைய விற்பனை வரியில கழியும்"னு பக்கத்துல எழுதினோம். இதுல ஒரு சின்ன நன்மையும் உண்டு, கடைக்காரன் பைசா தராட்டாலும் அடுத்த மாசம் 20ஆம் தேதி வாக்குல அரசாங்கத்துக்கு வரி கட்டணும்லா, அந்த மாசங்கள்ல இந்த கிரெடிட்தான் கட்டும், கையில இருந்து போகாது.

மெஷினைக் கொண்டு வர லாரி வாடகை 28,000. குழித்துறை பக்கம் ஷெட்டு பாத்திருந்தான், அட்வான்ஸ் 1,50,000. இது செலவில்ல, காலி பண்ணும்போது திரும்பி வர்ற பைசா, ஆனா அதுவரைக்கும் நம்ம கையில இல்லாத பைசா, அதனால டேபிள்ல வரும், பக்கத்துல "திரும்பி வரும்"னு ஒரு வார்த்தை போதும். தரைக்கு டைல்ஸ், ஜன்னலுக்கு வலை, வடிகால் 2,40,000, மூணு ஃபேஸ் கரண்ட் கனெக்‌ஷனும் வயரிங்கும் 85,000.

பிறகு தேன். இங்க கொஞ்சம் நிக்கணும். ரப்பர் தேன்ல தண்ணி ஜாஸ்தி, FSSAI விதிப்படி தேன்ல ஈரப்பதம் 20%க்கு மேல போகக்கூடாது, இவன் 19க்கு கொண்டு வரணும்னு வச்சிருக்கான். 23% ஈரப்பதம் உள்ள தேன் 100 கிலோ வாங்கினா அதுல தண்ணி போக 77 கிலோ, அந்த 77 அப்படியே இருக்கும், தண்ணி மட்டும் குறையும். 77ஐ 0.81ஆல வகுத்தா 95 கிலோ. நூறு கிலோவுக்கு பைசா குடுத்து தொண்ணூத்தஞ்சு கிலோதான் விக்க முடியும். மழை அடிச்சு 25% ஈரத்தோட வந்தா 92.6 கிலோதான். அவனோட பழைய கணக்குல வாங்குன கிலோவும் விக்கிற கிலோவும் ஒண்ணாவே இருந்துச்சு, 12,000 கிலோவுல 600 கிலோ ஆவியாப் போனதை யாரும் கவனிக்கல. இன்வெஸ்டர்ல யாராவது ஒருத்தர் தேன் தெரிஞ்ச ஆளா இருந்தா முதல்ல அங்கதான் கை வைப்பாரு.

12,000 கிலோ, 19,20,000. முதல் மூணு மாச விற்பனைக்கு 6,000 பாட்டில், மூடி, லேபிள், அட்டப்பெட்டி எல்லாம் சேத்து ஒண்ணுக்கு 24 ரூபா, 1,44,000. வாடகை மாசம் 15,000 எட்டு மாசம். ஜனவரியில இருந்து ரெண்டு பேர், ஆளுக்கு 16,000, மே வரைக்கும் அஞ்சு மாசம். கரண்ட் பில்லும் டெலிவரி வண்டியும் பிப்ரவரியில இருந்து மாசம் 15,000. லேப் டெஸ்ட், லைசென்ஸ் 60,000.

அவனோட சம்பளம்னு ஒரு வரியே இல்ல. "நான் எதுக்கு அண்ணே சம்பளம் எடுக்கணும், பாக்குறவங்க என்ன நினைப்பாங்க"ன்னான். எட்டு மாசம் என்ன சாப்பிடுவன்னு கேட்டேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். பிறகு மெதுவா ஒரு விஷயம் வெளிய வந்துச்சு. முந்தின வருஷம் சின்ன அளவுல சோதனை பண்ணும்போது பாட்டில் வாங்க அம்மா நகையை அடகு வச்சு 1,10,000 எடுத்திருக்கான், அதை "மத்தது"ல இருந்து திருப்பிரலாம்னு மனசுல கணக்கு. சம்பளமும் அதுலதான். பாருங்க, "மத்தது"ன்னு ஒரு வரி இருந்தா அதுக்குள்ள எழுத முடியாத செலவெல்லாம் போய் ஒளிஞ்சுக்கிடும். தப்பான எண்ணம் எதுவும் இல்ல அவன்கிட்ட, கூச்சம்தான். ஆனா சித்தப்பா மகனுக்கு ஆறு மாசம் கழிச்சு பேங்க் ஸ்டேட்மென்ட்ல நகைக்கடன் அடைச்சது தெரிஞ்சா அது கூச்சம்னு அவர் நினைப்பாரா?

பழைய கடனை புது பைசால அடைக்கிறது சட்டப்படி கூடாதுன்னு இல்ல, ஆனா அப்படின்னா அது டேபிள்ல தனி வரியா, யாருக்கு, எதுக்கு வாங்கினது, எவ்வளவுன்னு வரணும். இவன் கேஸ்ல கடன் கம்பெனி பேர்லயே இல்ல, அம்மா பேர்ல. அதனால அதை டேபிளுக்குள்ள கொண்டு வராம விட்டோம், பதிலா மாசம் 20,000 சம்பளம்னு தைரியமா எழுதுன்னு சொன்னேன், எட்டு மாசத்துக்கு 1,60,000, வட்டியை அதுல இருந்து கட்டு, நகையை அடுத்த வருஷம் திருப்பு. நாலு பேர்ல ஒருத்தர்கூட அந்த 20,000த்தைப் பத்திக் கேக்கல.

கடைசியா எல்லாரும் மறக்குற ஒண்ணு, பைசா திரட்டுறதுக்கே ஆகுற செலவு. ரிஜிஸ்டர்டு வேல்யூவர் ரிப்போர்ட், சிஏ, கம்பெனி செக்ரட்டரி ஃபீஸ், ஃபைலிங், எல்லாம் சேத்து 75,000. ஸ்டாம்ப் டியூட்டிதான் ஜாஸ்தி வரும்னு பயந்தான், ஷேர் இஷ்யூவுக்கு அது 0.005%தான், 40 லட்சத்துக்கு வெறும் 200 ரூபா.

எல்லாம் கூட்டினோம். மார்க்கெட்டிங்குக்கு ஒரு ரூபாகூட போடாம 42,64,000.

திரட்டுறது 40. இதுல பழைய படத்துல மார்க்கெட்டிங் மட்டும் 12 லட்சம்! இப்ப மூணு வழி இருக்கு, ஜாஸ்தி பைசா கேக்கலாம், தேன் வாங்குறதுக்கு மட்டும் பேங்க்ல கேஷ் கிரெடிட் போடலாம், இல்ல வாங்குற அளவைக் குறைக்கலாம். பேங்க் வழிதான் பொதுவா நல்லது, சீசன் சரக்குக்கு ஷேர் பைசா போடுறது விலை கூடின பைசா. ஆனா புது கம்பெனிக்கு பிப்ரவரிக்குள்ள லிமிட் கிடைக்கும்னு நம்பி டேபிள் எழுதக்கூடாது, கையில வராத பைசாவை வச்சு எழுதினா அது யூஸ் ஆஃப் ஃபண்ட்ஸ் இல்ல, ஆசை. அதனால ஏப்ரல்ல வாங்க நினைச்ச 3,000 கிலோவை வெட்டினோம், 4,80,000 மிச்சம். மிஞ்சின 2,16,000ல மெஷின், அதுக்கு ஜிஎஸ்டி, லாரி, ஷெட் அட்வான்ஸ், கட்டட வேலை, கரண்ட் வேலை எல்லாம் கூட்டினதுக்கு பத்து சதவீதம் கிட்ட 1,56,000 எதிர்பாராத செலவுக்கு, மீதி 60,000 கடைக்கு சாம்பிள் பாட்டில், ஸ்டால் போடுறதுக்கு. பன்னெண்டு லட்சம் அறுபதாயிரம் ஆச்சு. முகம் வாடிப்போச்சு அவனுக்கு, ஆனா முதல் சீசன்ல விக்கப்போறது 17,100 பாட்டில்தான், அதுக்கு கடை ஏற்கனவே பேசி வச்சிருக்கான், பிறகு யாருக்கு விளம்பரம்?

கடைசியில வந்த டேபிள் இது.

| எதுக்கு | எப்படி வந்துச்சு | ரூபா | எப்போ போகும் |
|---|---|---|---|
| தேன் மெஷின் செட்டு | கொட்டேஷன் | 9,00,000 | அக்டோபர் பாதி, டிசம்பர் பாதி |
| மெஷின் ஜிஎஸ்டி | 18%, விற்பனை வரியில கழியும் | 1,62,000 | டிசம்பர் |
| லாரி வாடகை | கொட்டேஷன் | 28,000 | டிசம்பர் |
| ஷெட் அட்வான்ஸ் | ஒப்பந்தம், திரும்பி வரும் | 1,50,000 | அக்டோபர் |
| தரை, வலை, வடிகால் | மேஸ்திரி எஸ்டிமேட் | 2,40,000 | நவம்பர் |
| கரண்ட் கனெக்‌ஷன், வயரிங் | டெபாசிட் + எஸ்டிமேட் | 85,000 | நவம்பர் |
| தேன் கொள்முதல் | 9,000 கிலோ × 160 | 14,40,000 | பிப்ரவரி, மார்ச் |
| பாட்டில், மூடி, லேபிள், பெட்டி | 6,000 × 24 | 1,44,000 | பிப்ரவரி |
| வாடகை | 8 மாசம் × 15,000 | 1,20,000 | அக்டோபர் முதல் மே |
| ரெண்டு பேர் சம்பளம் | 5 மாசம் × 32,000 | 1,60,000 | ஜனவரி முதல் மே |
| டைரக்டர் சம்பளம் | 8 மாசம் × 20,000 | 1,60,000 | அக்டோபர் முதல் மே |
| கரண்ட் பில், டெலிவரி வண்டி | 4 மாசம் × 15,000 | 60,000 | பிப்ரவரி முதல் மே |
| லேப் டெஸ்ட், லைசென்ஸ் | கட்டண விவரம் | 60,000 | ஜனவரி முதல் மார்ச் |
| ஷேர் வெளியீட்டுச் செலவு | ஃபீஸ் விவரம் | 75,000 | அக்டோபர் |
| சாம்பிள், ஸ்டால் | உச்சவரம்பு | 60,000 | மார்ச், ஏப்ரல் |
| எதிர்பாராத செலவு | மேல முதல் ஆறு வரியில சுமார் 10% | 1,56,000 | தேவைப்பட்டா மட்டும் |
| மொத்தம் | | 40,00,000 | |

ஷீட்ல கடைசியில ஒரு செல் வச்சோம், அதுல எப்பவும் சைபர் வரணும், வரலன்னா எங்கயோ ஒரு வரியை மாத்திட்டு மொத்தத்தைக் கையால அடிச்சிருக்கோம்னு அர்த்தம்:

```
=SUM(C2:C17)-4000000
```

இன்னொரு ஷீட்ல மாசம் மாசமா, B வரவு, C செலவு, D மிச்சம். முதல் மாசம் D2ல B2-C2, அதுக்குக் கீழ D3ல இருந்து இது, கீழ வரைக்கும் இழுத்து விட்டா போதும்:

```
=D2+B3-C3
```

அந்த ஷீட்தான் உண்மையைச் சொல்லுச்சு. மே மாசம் எல்லாச் செலவும் போக, கடைக்காரங்க யாரும் பைசா தரலன்னா கையில மிஞ்சுறது அந்த 1,56,000 மட்டும்தான். ஜூன்ல வாடகை, சம்பளம், கரண்ட், வண்டி எல்லாம் சேத்து 82,000, அடுத்த பாட்டில் லாட்டு 2,000க்கு 48,000. போனா 26,000. ஆக கடைக்காரங்க ஒரு மாசம் பிந்தினா தாங்கும், ரெண்டு மாசம் பிந்தினா தாங்காது. இதை இன்வெஸ்டர்கிட்ட மறைக்கணும்னு அவன் நினைச்சான், நான் டேபிளுக்குக் கீழயே ஒரு வரியா எழுதச் சொன்னேன். அந்த ரிட்டயர்டு வாத்தியார் அதைத்தான் முதல்ல படிச்சாராம், படிச்சுட்டு "கடன் குடுக்காம விக்க ரெண்டு கடை கிடைக்காதா தம்பி"ன்னு கேட்டு, அவரே ரெண்டு கடைக்குக் கூட்டிட்டும் போயிருக்காரு.

தேன் வரியில இன்னும் ஒரு குறிப்பு சேத்தோம். விலை 160 நிக்கும்னு யார் சொன்னது? கிலோவுக்கு 20 ரூபா ஏறினா 9,000 கிலோவுக்கு 1,80,000 கூடும், எதிர்பாராத செலவுக்கு வச்ச 1,56,000 மொத்தமும் போட்டாலும் பத்தாது. அதனால "14,40,000 வரைக்கும் மட்டும், விலை ஏறினா அளவு குறையும்"னு எழுதினோம். 180 ஆனா 8,000 கிலோ, அவ்வளவுதான். எந்த வரியில தொகை கட்டி வச்சிருக்கு, எந்த வரியில அளவு கட்டி வச்சிருக்குன்னு டேபிள்ல தெரியலன்னா சீசன் நடுவுல கேன் வந்து வாசல்ல நிக்கும்போது சண்டைதான்.

சட்டத்துல ஒரு இடம் மட்டும் கவனிக்கணும், ஏன்னா அது இந்த "எப்போ போகும்" வரிசையையே மாத்திரும். பிரைவேட் பிளேஸ்மென்ட்ல, அதாவது கம்பெனிச் சட்டம் 42ஆம் பிரிவுல, குறிப்பிட்ட நாலு பேருக்கு ஷேர் குடுக்குறப்போ வர்ற பைசா தனி பேங்க் கணக்குல இருக்கணும், ஷேர் ஒதுக்கி, ஒதுக்கினதைச் சொல்லுற PAS-3 ஃபாரத்தை ஃபைல் பண்ற வரைக்கும் அதுல இருந்து எடுத்துச் செலவு பண்ணக்கூடாது. பைசா வந்து 60 நாளுக்குள்ள ஒதுக்கணும், ஒதுக்கலன்னா அடுத்த 15 நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கணும், அதுவும் தப்பினா 12% வட்டி. PAS-4ங்கிற ஆஃபர் லெட்டர்லயே இந்தப் பைசா எதுக்குன்னு எழுதணும், அதனால இந்த டேபிள் வெறும் பிரசன்டேஷன் அழகுக்கு இல்ல, கையெழுத்துப் போட்டுக் குடுக்குற பேப்பர்ல போய் உக்காருது.

இவனுக்கு மெஷின்காரர் "இந்த வாரமே பாதி அட்வான்ஸ் போட்டா டிசம்பர் கடைசியில டெலிவரி"ன்னு நெருக்குனாரு. நாலு பேர்ல மூணு பேர் செப்டம்பர் நடுவுலயே பைசா போட்டாச்சு, மஸ்கட்ல இருந்து வரவேண்டியது மட்டும் வரல. கணக்குல முப்பது லட்சம் இருக்கு, தொட முடியாது. தொட்டுரலாமான்னு ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணான், "மக்கா, சும்மா இரி"ன்னேன். நாலாவது பைசாவும் வந்து, ஒதுக்கி, PAS-3 போட்டு முடிக்க அக்டோபர் ரெண்டாவது வாரம் ஆச்சு, அதுக்குப் பிறகுதான் அட்வான்ஸ் போச்சு. டெலிவரி ஜனவரி கடைசிக்குத் தள்ளிப்போச்சு, தேன் எடுப்பு தொடங்க சரியா பத்து நாள் இருந்துச்சு. அடுத்த தடவை எழுதுறவங்க பைசா வர்ற தேதிக்கும் எடுக்குற தேதிக்கும் நடுவுல ஒரு மாசமாவது விட்டுட்டு "எப்போ போகும்" வரிசையை நிரப்புங்க.

பைசா வந்த பிறகு அதே டேபிள்ல வலது பக்கம் ரெண்டு வரிசை கூடச் சேத்தோம், "உண்மையில போனது", "பேங்க்ல எந்த தேதி". ஒரு வரிக்கு ஒரு பேங்க் டெபிட்டாவது காட்ட முடியணும். அவன் வீட்டு கணக்குல இருந்து ஜிபே பண்ணிட்டு பிறகு கம்பெனியில இருந்து மொத்தமா எடுத்துக்கிடுற பழக்கத்தை முதல் நாளே நிப்பாட்டினேன், ஏன்னா அப்படி எடுத்தா ஸ்டேட்மென்ட்ல அவன் பேர்தான் தெரியும், எலக்ட்ரீஷியன் பேர் தெரியாது.

ஜனவரி முடிஞ்சப்போ கட்டட வேலை 2,40,000க்கு பதிலா 2,71,000 ஆகியிருந்துச்சு, வடிகாலுக்கு அடியில பாறை. 31,000த்தை அந்த வரியிலயே கூட்டி எழுதாம, எதிர்பாராத செலவுல இருந்து எடுத்து, அங்க 1,25,000ன்னு குறைச்சு, பக்கத்துல "பாறை"ன்னு ஒரு வார்த்தை மட்டும் எழுதி நாலு பேருக்கும் வாட்ஸ்அப்ல போட்டுவிட்டான். மஸ்கட்ல இருந்து ஒரு தம்ஸ் அப் வந்துச்சு. வாத்தியார் மட்டும் பாறைய போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாரு.